டப்பா லேப்டாப்ல பிளெண்டர் ஓட்டணும்: கிளவுட் கேமிங்கா, வாடகை மெஷினா, அக்கா வீட்டு டெஸ்க்டாப்பா?

போன மாசம் மட்டும் மூணு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியக் கேட்டுட்டாங்க, மூணு பேருமே பெங்களூர்ல பிஜில தங்கியிருக்கற பசங்க. அதுல ஒரு தம்பி பிடிஎம் லேஅவுட்ல இருக்கான், ஆர்க்கிடெக்சர் கடைசி வருஷம், பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல வேலை, கையில இருக்கறது எட்டாவது ஜெனரேஷன் ஐ3, 8 ஜிபி ராம். "அண்ணா, பிளெண்டர்ல ரெண்டர்டு வியூவ தட்டினாலே ஃபேன் கத்த ஆரம்பிச்சுடுது, புது லேப்டாப் 90 ஆயிரம்ங்கறாங்க, கிளவுட் கேமிங் சப்ஸ்கிரிப்ஷன் எடுத்தா அதுலயே பிளெண்டரும் போட்டுக்கலாம்லண்ணா, சனி ஞாயிறு கேமும் ஆடிக்கலாம்"னு கேட்டான். இல்ல தம்பி, போட முடியாது. ஆனா ஏன் முடியாது, அப்ப வேற என்ன வழின்னு சொல்ல ஆரம்பிச்சா வாட்சப்ல அடங்கல, அதான் இங்க எழுதறேன்.

வழி மூணு இருக்கு. ஒண்ணு கிளவுட் கேமிங் சந்தா. ரெண்டு, ஜிபியு இருக்கற ஒரு மெஷின மணிக்கணக்குல வாடகைக்கு எடுக்கறது. மூணு, சொந்தமா ஒரு டெஸ்க்டாப்ப எங்கயாவது வெச்சுட்டு இங்கிருந்து ஓட்டறது. மூணுக்கும் உள்ள ஒரே வித்தை தான்: வேலை வேற எடத்துல நடக்கும், அங்க இருக்கற ஸ்க்ரீன் வீடியோவா இங்க வரும், உங்க மவுஸ் அசைவு அங்க போகும். யூடியூப் மாதிரி தான், ஆனா யூடியூப் முன்கூட்டியே பத்து செகண்ட் எறக்கி வெச்சுக்கும், இதுல அது முடியாது, நீங்க அடுத்து எங்க கிளிக் பண்ணுவீங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதனால இந்த விஷயத்துல எல்லா பிரச்சனையும் வேகத்துல இல்ல, தாமதத்துல தான் வரும்.

## எதை வெச்சு அளக்கறது

நான் நாலு விஷயம் பாக்கறேன். உங்களுக்கு வேண்டிய சாஃப்ட்வேர் அதுல ஓடுமா, மவுஸ் அசைச்சதுல இருந்து ஸ்க்ரீன்ல தெரியற வரைக்கும் எவ்ளோ லேட்டாகும், மாசத்துக்கு எத்தன மணி நேரம் ஓட்டப் போறீங்க, அப்புறம் ராத்திரி 11 மணிக்கு ஏதாவது நின்னுபோனா யாரு எழுந்து போய் பாக்கறது. கடைசி கேள்விய யாருமே கேக்கறதில்ல, அதுல தான் எல்லாரும் மாட்டறாங்க.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷ டெஸ்ட் இருக்கு. ராத்திரி 10 மணிக்கு மேல, பிஜில எல்லாரும் ரீல்ஸ் பாத்துட்டு இருக்கற நேரத்துல, உங்க லேப்டாப்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ரவுட்டருக்கே பிங் அடிங்க. ரவுட்டர் அட்ரஸ் `ipconfig` அடிச்சா `Default Gateway`னு வரும்.

```
ping -n 100 192.168.1.1
```

பத்தடி தள்ளி இருக்கற ரவுட்டருக்கு 2, 3 மில்லிசெகண்ட்ல பதில் வரணும். 3, 4, 3, 180, 5, 240னு குதிச்சா, தப்பு இன்டர்நெட்ல இல்ல, உங்க ரூம் வைஃபைல. ஸ்பீட் டெஸ்ட்ல 100 எம்பிபிஎஸ் காட்டினாலும் பிரயோஜனம் இல்ல, மூணு வழில எதுக்குக் காசு கட்டினாலும் வேஸ்ட் தான். முதல்ல 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டுக்கு மாறிப் பாருங்க, முடிஞ்சா ஓனர்கிட்ட கெஞ்சி ஒரு லேன் கேபிள் இழுத்துக்கோங்க. நான் தங்கியிருந்த ஒரு பிஜில ஓனர் ஆன்ட்டி "ஒயர் எல்லாம் வேணாம்பா, பாக்க அசிங்கமா இருக்கும்"னுட்டாங்க, அப்புறம் 15 மீட்டர் வெள்ளை கேபிள கதவு ஓரமா ஒட்டினப்புறம் தான் ஒத்துக்கிட்டாங்க. அந்த ஒரு கேபிளுக்கு அப்புறம் கிடைச்ச வித்தியாசம் வேற எதுலயும் கிடைக்கல.

டேட்டாவையும் இப்பவே சொல்லிடறேன். 1080p, 60 ஃப்ரேமுக்கு 20 எம்பிபிஎஸ் வெச்சா மணிக்கு 9 ஜிபி. தினம் 2 ஜிபி பேக்ல ஹாட்ஸ்பாட் போட்டு ஓட்டினா 13 நிமிஷத்துல முடிஞ்சிரும். ஃபைபர் கனெக்ஷன்ல இது ஒரு விஷயமே இல்ல.

## கிளவுட் கேமிங் சந்தா

சாஃப்ட்வேர்ங்கற முதல் கேள்வியிலயே இது தம்பியோட கேஸ்ல அடிபட்டுப் போச்சு. அந்தக் கம்பெனி உங்களுக்குக் கம்ப்யூட்டர் தரல, கேம் மட்டும் தான் தருது. டெஸ்க்டாப்ப நீங்க பாக்கவே முடியாது, எதையும் இன்ஸ்டால் பண்ண முடியாது, ஒவ்வொரு தடவையும் புது மெஷின் மாதிரி திறந்து மூடிடும். ஜிஃபோர்ஸ் நவ்ல நீங்க ஸ்டீம்ல ஏற்கனவே வாங்கின கேம ஓட்டலாம், அதுவும் அவங்க லிஸ்ட்ல இருந்தா மட்டும். எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங்ல பெரும்பாலும் சந்தாவோட வர்ற கேம்கள் தான். மோட் போட்டு ஆடற ஆளா இருந்தா ரெண்டுமே செட் ஆகாது.

மறைஞ்சிருக்கற செலவு நேரம் தான். ஜிஃபோர்ஸ் நவ்ல ஃப்ரீ கணக்குல ஒரு மணி நேரத்துல வெளிய தள்ளிட்டு திரும்ப க்யூல நிக்கச் சொல்லும், காசு கட்டினாலும் மாசத்துக்கு 100 மணி நேரம்னு வரம்பு உண்டு. கேம தனியா வாங்கணும்ங்கறதையும் கணக்குல சேக்கணும். வேலோரன்ட் ஆடறவங்க ஆசைப்பட வேணாம், அதோட ஆன்டி-சீட் வர்ச்சுவல் மெஷின்ல ஓட விடாது, அதனால அடுத்து வர்ற வாடகை மெஷின்லயும் இதே கதை தான்.

எப்ப நல்லதுன்னா, கேம் மட்டும் தான் உங்க தேவைன்னா, அதுவும் ஒத்தையா கதை போற மாதிரி ஆடற கேம்னா, தாராளமா எடுங்க. செட்டப் ஒண்ணும் கிடையாது, நின்னுபோனா அவங்க பாத்துப்பாங்க. இதுக்கு மேல இதப் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல.

## வாடகை ஜிபியு மெஷின்

இதுல முழு விண்டோஸே கைக்கு வரும், எத வேணா போட்டுக்கலாம். உதாரணத்துக்கு அமேசானோட கிளவுட் ஏடபிள்யூஎஸ், அதோட மும்பை ரீஜன்ல `g4dn.xlarge`ஐ எடுத்துக்குவோம். 16 ஜிபி ராம், 16 ஜிபி வீடியோ மெமரியோட டெஸ்லா டி4 ஜிபியு. விண்டோஸோட சேத்து மணிக்கு முக்கால் டாலர் சுமாரா வரும், 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டு நம்ம காசுல 80 ரூபான்னு வெச்சுக்கோங்க.

80 ரூபா தானேன்னு தோணும். ஆனா மெஷின ஆஃப் பண்ணி வெச்சாலும் டிஸ்க்குக்கு வாடகை ஓடிட்டே இருக்கும். 150 ஜிபி டிஸ்க் வெச்சா வரியோட மாசம் 1,400 ரூபா கிட்ட. தம்பி மாசத்துக்கு 10 மணி நேரம் ஓட்டினா மெஷினுக்கு 800, டிஸ்க்குக்கு 1,400, ஓட்டினத விட ஓட்டாம வெச்சிருந்ததுக்குக் காசு அதிகம். அந்த மெஷின்லயே 125 ஜிபி வேகமான டிஸ்க் ஒண்ணு இலவசமா சேந்து வரும், அதப் பாத்துட்டு ப்ராஜெக்ட் ஃபைல அதுல வெச்சுடாதீங்க, மெஷின ஸ்டாப் பண்ணா அது மொத்தமா அழிஞ்சிரும், திரும்ப வராது.

இன்னொண்ணு, ரிமோட் விண்டோவ மூடினா மெஷின் நிக்காது. வெள்ளிக்கிழமை ராத்திரி மூடிட்டு ஊருக்குப் போய்ட்டு திங்கக்கிழமை காலைல பாத்தா 60 மணி நேரம் ஓடியிருக்கும், 4,800 ரூபா. நான் உள்ள போனதும் முதல் வேலையா இதத் தட்டிடுவேன், நாலு மணி நேரத்துல அதுவே அணைஞ்சிரும்.

```
shutdown /s /t 14400
```

இன்னும் வேலை பாக்கி இருந்தா `shutdown /a` போட்டு ரத்து பண்ணிட்டு புதுசா போட்டுக்கலாம். விண்டோஸுக்குள்ள இருந்து ஷட்டவுன் பண்ணாலே மெஷின் ஸ்டாப் ஆகிரும், மணிக்கணக்கு நிக்கும், நீங்க செட்டிங்க மாத்தாத வரைக்கும்.

அடுத்து, அக்கவுன்ட் ஓபன் பண்ண அன்னிக்கே மெஷின் கிடைச்சிரும்னு நெனைக்காதீங்க. புது அக்கவுன்ட்ல ஜிபியு மெஷினுக்கான கோட்டா பெரும்பாலும் பூஜ்யமா இருக்கும், `Running On-Demand G and VT instances`ங்கறதுல 4 வேணும்னு கேட்டு எழுதணும். நாளைக்கு சப்மிஷன்னா இது வேலைக்காகாது. கிடைச்சப்புறம் என்விடியா டிரைவரையும் நீங்க தான் போடணும். அதப் போடாம சாதாரண ரிமோட் டெஸ்க்டாப்ல உள்ள போய் பிளெண்டர திறந்தா ஓபன்ஜிஎல் 4.3 சப்போர்ட் பண்ற கிராஃபிக்ஸ் கார்டு வேணும்னு சொல்லிட்டு மூடிக்கும், ஜிபியு மெஷினுக்குக் காசு கட்டிட்டு இத வாசிக்கறப்ப வர்ற கடுப்பு இருக்கே. டிரைவர் போட்டுட்டு டிசிவிங்கற அவங்களோட ரிமோட் டெஸ்க்டாப் ஆப்ல உள்ள போனா சரியாகிரும், ஏடபிள்யூஎஸ் மெஷின்ல அதுக்கு லைசன்ஸ் காசு கிடையாது.

இதுல நான் முக்கியமா சொல்ல வந்தது வேற. அந்த மெஷின்ல 4 விசிபியுன்னு போட்டிருக்கும், உண்மைல அது ரெண்டு கோர், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு த்ரெட். தம்பியோட பழைய ஐ3 லேப்டாப்லயும் அதே ரெண்டு கோர், நாலு த்ரெட் தான்! அதனால பிளெண்டரோட சைக்கிள்ஸ் ரெண்டர் ஜிபியுல பறக்கும், ஆனா தண்ணி சிமுலேஷன் பேக் பண்றது, கனமான மாடிஃபயர் போட்ட மாடல அசைக்கறது, இதெல்லாம் சிபியு வேலை, அங்க பெருசா ஒண்ணும் மாறாது. டாஸ்க் மேனேஜர் திறந்து பாருங்க, மாட்டற நேரத்துல சிபியு 100 காட்டுதா, ராம் நெறஞ்சு போகுதான்னு. ராம் தான் நெறயுதுன்னா இந்தக் கட்டுரைய மூடிட்டு எஸ்பி ரோட்டுக்குப் போய் இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் வாங்கிப் போடுங்க, முதல்ல லேப்டாப்ல ஸ்லாட் இருக்கான்னு பாத்துக்கிட்டு.

தாமதம்? பெங்களூர்ல இருந்து மும்பை போய் வர 20ல இருந்து 30 மில்லிசெகண்ட் ஆகும். மாடல் பண்றதுக்கு அது கையில தெரியாது, வேகமா சுட்டு ஆடற கேம்ல தெரியும்.

## சொந்த டெஸ்க்டாப், தூரத்துல இருந்து

இது நான் ஒரு வருஷமா பண்றது. பழைய ஆர்டிஎக்ஸ் 3060 போட்ட டெஸ்க்டாப் ஒண்ண 62 ஆயிரத்துக்கு சேத்தேன், பிஜில ரூம்மேட் தூங்கணும், எடமும் இல்ல, அதனால ராமமூர்த்தி நகர்ல அக்கா வீட்டுல வெச்சுட்டேன். அந்த மெஷின்ல ஸ்க்ரீன அனுப்பற சன்ஷைன், என் லேப்டாப்ல அத வாங்கிக் காட்டற மூன்லைட், ரெண்டும் இலவசம். பெரும்பாலான கனெக்ஷன்ல வெளிய இருந்து வீட்டு ரவுட்டருக்குள்ள நேரா நுழைய முடியாது, ஏன்னா ஒரே பப்ளிக் ஐபிய பல வீட்டுக்குப் பங்கு போட்டுக் குடுத்திருப்பாங்க, அதுக்கு ரெண்டு மெஷினையும் ஒரே தனி நெட்வொர்க்ல சேக்கற டெயில்ஸ்கேல ரெண்டு பக்கமும் போட்டா போதும்.

அக்கா வீட்டுல பாக்க வேண்டியது டவுன்லோட் வேகம் இல்ல, அப்லோட், வீடியோ அங்கிருந்து தான கெளம்புது. 30 எம்பிபிஎஸ் அப்லோட் நிலையா இருந்தா போதும். டெஸ்க்டாப்ப ரவுட்டர்ல கேபிள்ல தான் மாட்டணும்.

மாட்டினதும் இத அடிச்சுப் பாருங்க, `akka-pc`ங்கற எடத்துல உங்க மெஷின் பேரு.

```
tailscale ping akka-pc
```

முதல் ரெண்டு பதில்ல `via DERP(blr)`னு வந்துட்டு அப்புறம் ஒரு ஐபி அட்ரஸ் வந்தா நேரடி வழி கிடைச்சிருச்சுன்னு அர்த்தம். கடைசி வரைக்கும் DERPயே வந்தா, டேட்டா நடுவுல இருக்கற பொது சர்வர் வழியா சுத்திட்டு வருது, படம் கட்டம் கட்டமா ஒடையும். பெரும்பாலும் பிஜி வைஃபைல யுடிபிய அடைச்சு வெச்சிருப்பாங்க, `tailscale netcheck` அடிச்சா `UDP: false`னு காட்டிக் குடுத்துரும். அப்ப மொபைல் ஹாட்ஸ்பாட்ல மாத்திப் பாத்தா உறுதியாகிரும்.

ஆட்டத்துக்கு நடுவுல மூன்லைட்ல கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், எஸ் நாலையும் சேத்து அமுக்கினா மூலைல கணக்கு வரும். எனக்கு நல்ல நாள்ல இப்படி:

```
Frames dropped by your network connection: 0.00%
Average network latency: 9 ms
Average decoding time: 2.10 ms
```

ஒரு தடவ ஆர்வக்கோளாறுல கோடெக்க ஏவி1க்கு மாத்திட்டேன், புதுசு தான நல்லா இருக்கும்னு. டீகோடிங் டைம் 30 தாண்டிருச்சு, லேப்டாப் ஃபேன் மறுபடி கத்த ஆரம்பிச்சுது, எதுக்காக இவ்ளோ பண்ணமோ அதுவே திரும்ப வந்து நிக்குது. ஏவி1ஐ ஹார்ட்வேர்ல பிரிக்கற வசதி இன்டெல்ல 11வது ஜெனரேஷன்ல தான் வந்துச்சு, எட்டாவதுக்கு எச்இவிசி வரைக்கும் தான். உங்களோடது அதவிடப் பழசா இருந்தா எச்.264ல வெச்சுக்கோங்க.

இப்ப மறைஞ்ச செலவுக்கு வருவோம், அது கரண்ட்டு. சும்மா இருக்கறப்பவே டெஸ்க்டாப் 60 வாட் சாப்பிடும், 24 மணி நேரமும் விட்டா மாசம் 43 யூனிட். இதுல என்னன்னு கேட்டா, கர்நாடகால க்ருஹ ஜ்யோதின்னு ஃப்ரீ கரண்ட்டு திட்டம் இருக்கு, 200 யூனிட்டுக்குள்ள இருந்தா தான் சலுகை, தாண்டினா முழு பில்லும் கட்டணும். அக்கா வீட்டுல மாசம் 170 கிட்ட ஓடிட்டு இருந்துச்சு. என் புண்ணியத்துல 213. "ஏன்டா, நீ கேம் ஆடறதுக்கு நான் பெஸ்காமுக்கு அழணுமா"னு அக்கா பில்ல ஃபோட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க. அந்த மாச பில் நான் தான் கட்டினேன்.

அதுக்கப்புறம் மெஷின வேணுங்கறப்ப மட்டும் போடற மாதிரி மாத்தினேன். வேக் ஆன் லேன்னு ஒண்ணு இருக்கு, ஆனா தூங்கற மெஷின்ல டெயில்ஸ்கேலும் தூங்கிரும், அத எழுப்ப அந்த வீட்டு நெட்வொர்க்லயே முழிச்சிட்டு இருக்கற இன்னொரு கருவி வேணும். அந்தத் தலைவலி வேணாம்னு ஒரு 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் வாங்கி, பயாஸ்ல `Restore on AC Power Loss`ங்கறத `Power On`ல வெச்சேன். போன்ல பிளக்க ஆன் பண்ணா மெஷின் தானா ஏந்திரிக்கும். முடிச்சதும் விண்டோஸ ஷட்டவுன் பண்ணி ரெண்டு நிமிஷம் விட்டு பிளக்க ஆஃப் பண்றேன். மானிட்டர் இல்லாம வெச்சிருந்தா ஒரு டம்மி எச்டிஎம்ஐ பிளக்கும் சொருகணும், இல்லேன்னா காட்டறதுக்கு ஸ்க்ரீனே இல்லன்னு சன்ஷைன் கருப்பா நிக்கும்.

இவ்ளோ பண்ணியும் அக்கா பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப வழக்கம்போல மெயின் ஸ்விட்ச அணைச்சுட்டு போயிட்டாங்க. நாலு நாள் ஒண்ணும் பண்ண முடியல. ராத்திரி 11 மணிக்கு யாரு எழுந்து போவாங்கன்னு மேல கேட்டேன்ல, அது இது தான்.

## பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா

| | கேமிங் சந்தா | வாடகை மெஷின் | சொந்த டெஸ்க்டாப் |
|---|---|---|---|
| பிளெண்டர் மாதிரி சொந்த சாஃப்ட்வேர் | முடியாது | முடியும் | முடியும் |
| சிபியு வேலை | பேச்சே இல்ல | சின்ன மெஷின்ல சுமார் தான் | நல்லா இருக்கும் |
| முதல் நாள் செலவு | சந்தா, கேம் தனி | ஒண்ணும் இல்ல | 60 ஆயிரத்துக்கு மேல |
| மாசம் 40 மணி நேரம்னா | சந்தா மட்டும் | சுமார் 4,600 ரூபா | கரண்ட்டு மட்டும் |
| மறந்தா அடி | இல்ல | பில் எகிறும் | அக்கா திட்டுவாங்க |
| ரிப்பேர் யாரு | கம்பெனி | பாதி நீங்க | முழுசா நீங்க |

மாசம் 40 மணி நேரம்ங்கறத வெச்சுப் பாருங்க: 40 தடவ 80, அது 3,200, டிஸ்க் 1,400, மொத்தம் 4,600. என் 62 ஆயிரத்த அதால வகுத்தா பதிமூணரை மாசம். அதுக்கு மேல வேலை இருக்குன்னு தெரிஞ்சா டெஸ்க்டாப் தான், அதுலயும் அத வைக்க நம்பிக்கையான வீடு இருந்தா மட்டும். ஒரே ரூம்ல வைக்க எடம் இருந்தா ரிமோட்டே எதுக்கு, மானிட்டர் வாங்கி நேரா உக்காந்து வேலை பாருங்க.

தம்பியோட கேஸ் வேற மாதிரி. தீசிஸ் மூணு மாசத்துல முடியுது, மாசம் 20 மணி நேரம் போதும்ங்கறான், பெங்களூர்ல சொந்தக்காரங்க யாரும் இல்ல. அவனுக்கு வாடகை தான்: 1,600ம் 1,400ம் சேத்து மாசம் 3,000, மூணு மாசத்துக்கு 9,000. முடிஞ்சதும் டிஸ்க்க டெலீட் பண்ணிடணும், மெஷின மட்டும் அழிச்சுட்டு தனியா சேத்த டிஸ்க்க விட்டா வாடகை ஓடிட்டே தான் இருக்கும். இன்னும் கொறைக்கவும் ஒரு வழி சொன்னேன். மாடலிங்க லேப்டாப்லயே டெக்ஸ்சர் இல்லாம சாலிட் வியூல பண்ணு, லைட்டிங்கும் மெட்டீரியலும் பாக்கறதுக்கு மட்டும் வாடகை மெஷின்ல ஏறு, கடைசி ரெண்டர ஸ்க்ரீன் கூட இல்லாம கமாண்ட்ல விட்டுடு, அப்ப தாமதமும் வைஃபையும் ஒரு பொருட்டே இல்ல.

```
blender -b veedu.blend -o //out/ -s 1 -e 250 -a ; shutdown /s /t 60
```

பிளெண்டர் ஃபோல்டர PATHல சேத்து, முன்னாடி போட்ட டைமர் இருந்தா `shutdown /a`ல ரத்து பண்ணிட்டு, பவர்ஷெல்ல இத அடிச்சா 250 ஃப்ரேமும் முடிஞ்சு ஒரு நிமிஷத்துல மெஷின் தானா அணைஞ்சிரும், அந்த `-a` கடைசில தான் வரணும், முன்னாடி போட்டா அதுக்குப் பின்னாடி எழுதினத கண்டுக்காம ரெண்டர ஆரம்பிச்சுடும். தம்பி இப்ப கோட்டா கேட்டு எழுதிட்டு உக்காந்திருக்கான், கேம் பத்தி கேட்டதுக்கு மட்டும் தீசிஸ் முடியட்டும்டான்னு சொல்லியிருக்கேன்.